எழுத்துப் பிழை இருந்தால் பொய் என்று சொல்லிக்கொடுத்தேன்

ஒரு தமிழ் நாளிதழில் இருபத்திரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன் நான். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் தெரிந்துவிட்டால் உலகத்தில் பாதி தெரிந்துவிட்டது என்று நம்பி வாழ்ந்தவன். ஓய்வுபெற்ற பிறகு, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் படிப்பகத்தின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். அது 2023 ஜூன் மாதம். கீழ்த்தளத்தில் கேரம் காய்கள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே பதினெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசியில் வரும் செய்திகளில் எது உண்மை, எது பொய் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் வகுப்பின் நோக்கம். அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில் எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சந்தேகமின்மையைப் பற்றியது.

நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒரு செய்தி வந்தால் அதை உற்றுப் பாருங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா? ஆச்சரியக்குறிகள் வரிசையாக நிற்கின்றனவா? தொலைக்காட்சியின் சின்னம் மங்கலாக இருக்கிறதா? எழுதியவர் பெயர் இல்லையா? கடைசியில் ‘அனைவருக்கும் பகிரவும்’ என்று இருக்கிறதா? இவற்றில் மூன்று இருந்தால் அது பொய். மெய்ப்புத் திருத்துநரின் மூளையில் இயல்பாகப் பிறக்கும் பாடம் இது. பிள்ளைகளுக்கும் மிகவும் பிடித்துப்போனது, ஏனென்றால் இதில் பெரியவர்களைப் பிடிக்க முடியும். சித்தப்பா அனுப்பிய செய்தி, தாத்தா அனுப்பிய மருத்துவக் குறிப்பு, அபார்ட்மெண்ட் குழுவில் வந்த எச்சரிக்கை என ஒவ்வொரு வாரமும் கொத்துக்கொத்தாகக் கொண்டுவந்தார்கள். நான் கொடுத்த அச்சுத்தாளில் ‘சந்தேகம்’ என்பது ‘சந்தேதம்’ என்று ஆகியிருந்ததைக் கண்டுபிடித்து, அப்படியென்றால் நீங்கள் சொல்வதும் பொய்யா என்று கேட்டான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தோம். அந்தக் கேள்விக்கு நான் அன்றே பதில் தேடியிருக்க வேண்டும்.

டிசம்பர் 26

அந்த ஆண்டு டிசம்பர் எண்ணூர்க்காரர்களுக்கு எப்படி இருந்தது என்று நான் விவரிக்கத் தேவையில்லை. மிக்ஜாம் புயல், அதன் வெள்ளம், வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் வந்து படிந்த எண்ணெய், அந்த எண்ணெயை வாளிகளில் அள்ளிய மீனவர்கள். அந்த வாரங்களில் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்த செய்திகளில் எது மெய், எது பொய் என்று பிரிக்கவே முடியாத நிலை இருந்தது. என் வகுப்பில் மிகச் சிறந்த மாணவி எண்ணூர்க் குப்பம் ஒன்றிலிருந்து பேருந்தில் வருபவள், பத்தாம் வகுப்பு. அப்பா கடலுக்குப் போகிறவர். அரைக் கண் பார்வையிலேயே பொய்ச் செய்தியைப் பிடித்துவிடுவாள் என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் சாலைக்கு ஓடிவந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வாடை இவள் தெருவை எட்டுவதற்குச் சற்று முன்னால் இவர்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. அதை அவள் பிறகு ஒருநாள் எனக்குக் காட்டினாள்: ‘கேஸ் லீக் ஆகீருக்கு எல்லாறும் வெளில வாங்க தூங்காதீங்க சேர் பண்ணுங்க!!!!’ பெயர் இல்லை. இடம் இல்லை. இரண்டு பிழைகள், நான்கு ஆச்சரியக்குறிகள். தேதியோ டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அந்தத் தேதியில் ஆண்டுதோறும் ‘மறுபடியும் கடல் உள்வாங்கிவிட்டது’ என்று யாராவது கிளப்பிவிடுவது வழக்கம் என்று அவளே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எனவே என் பாடத்தின்படி அவள் சரியாகக் கணக்குப் போட்டாள். பொய் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அதற்குள் வீட்டுக்குள்ளேயே வாடை வந்துவிட்டது. ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு பாட்டியை இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும் என்பதால் ஈரத்துணி ஓரளவு காப்பாற்றும். அது அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. பாட்டிக்கு இரண்டு நாள் இருமல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 30ஆம் தேதி சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவளுடைய அம்மா டீ கொடுத்துவிட்டு, குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லாமல் சொன்னார்: “உங்க கிளாசுக்குப் போற பொண்ணு சொல்லுதேன்னுதான் சார் படுத்துட்டோம்.”

திரும்பி வரும் வழியில் பேருந்தில் எனக்கு முதலில் தோன்றியது தற்காப்புதான். விதிவிலக்கு ஒன்று நடந்துவிட்டது, விதி சரியானதுதான் என்று. பிறகுதான் புரிந்தது, இது விதிவிலக்கே அல்ல. ஓடத் தயாராக நிற்கும் ஒருவர் இருட்டில் ஒரு கையால் தட்டச்சு செய்தால் பிழை வரத்தான் செய்யும். ஆச்சரியக்குறி போடத்தான் செய்வார். பகிரச் சொல்லத்தான் செய்வார். ஆபத்தில் இருப்பவர்களின் எழுத்து அப்படித்தான் இருக்கும். மறுபுறம், காசுக்காகவோ அரசியலுக்காகவோ பொய் தயாரிப்பவர்களுக்கு நேரம் இருக்கிறது, வடிவமைப்பாளர் இருக்கிறார், ஏன், மெய்ப்புப் பார்க்க ஆளும் இருக்கலாம். நான் கொடுத்த அளவுகோல், அவசரத்தில் எழுதும் ஏழையைப் பொய்யனாகவும், சாவகாசமாக ஏமாற்றுபவனை நம்பத்தக்கவனாகவும் காட்டுகிற அளவுகோல்.

செய்தியை விட்டு வெளியே போவது

அதன் பிறகு இரண்டு மாதம் வகுப்பை நிறுத்திவிட்டுப் படித்தேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னைக் கொஞ்சம் ஆறுதல்படுத்தியது. காரணம், அதில் தோற்றவர்கள் என்னைவிடப் படித்தவர்கள். பத்து வரலாற்று அறிஞர்கள், இருபத்தைந்து மாணவர்கள், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பத்துப் பேர் என நாற்பத்தைந்து பேரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். அவற்றில் இரண்டு பக்கங்கள் குழந்தை மருத்துவர்களின் அமைப்புகளுடையவை. ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பெரிய சங்கம். மற்றொன்று 2002இல் அதிலிருந்து கொள்கை வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். பக்கங்களும் ஒரே அளவு நேர்த்தி. மாணவர்களில் பெரும்பாலோரும் அறிஞர்களில் பலரும் அந்தப் பக்கங்களுக்குள்ளேயே மேலும் கீழும் போய், எழுத்தமைப்பையும் மேற்கோள்களையும் பார்த்துக் குழம்பினார்கள். தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே உட்காரவில்லை. வந்தவுடன் அதை விட்டு வெளியேறி, புதிய தாவலில் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ஒரு வீட்டுக்குப் பெண் கொடுக்கும் முன் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அலங்காரத்தைப் பார்ப்பதா, தெருமுனைக் கடையில் விசாரிப்பதா என்ற வேறுபாடுதான். நம் ஊரில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. கைப்பேசிக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம்.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் எடுத்துக்கொண்டது பிள்ளை பிடிப்பவர்கள் வதந்தி. 2018 மே மாதம் பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியும் அடித்துக் கொல்லப்பட்டார். என் வகுப்பில் இருவருக்குப் பழவேற்காட்டில் உறவினர்கள் உண்டு. பெயரைச் சொன்னதுமே அறை அமைதியாகிவிட்டது. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சுற்றிய காணொளி ஒன்றை அவர்களுக்குக் காட்டினேன். தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். இருசக்கர வண்டியில் வரும் இருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். அதைப் படம் பிடித்தது கண்காணிப்புக் கேமரா போலத் தெரியும்.

இதில் என்ன பிழை என்று கேட்டேன். பழைய பழக்கத்தில் பத்து நிமிடம் சலித்துப் பார்த்தார்கள். நிழல் சரியில்லை என்றான் ஒருவன். வண்டி எண் தெரியவில்லை என்றாள் ஒருத்தி. எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் செய்யாது. அந்தக் காட்சி அப்படியே படம்பிடிக்கப்பட்ட காட்சிதான். அது பாகிஸ்தானில், கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து பையனை இறக்கிவிடுவார்கள். உங்கள் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அட்டையை விரித்துக் காட்டுவார்கள். பொய்யாக்கியவர் எதையும் சேர்க்கவில்லை. கடைசிச் சில நொடிகளை வெட்டிவிட்டார். வெட்டப்பட்டது திரையில் இல்லாதபோது, திரையை எவ்வளவு உற்றுப் பார்த்து என்ன பயன்?

பிறகு கைப்பேசியை எடுத்தோம். காட்சியை ஓரிடத்தில் நிறுத்தி, திரைப்பிடிப்பு எடுத்து, கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடுவதுதான் வழி. முகம் மங்கலாக இருக்கும் இடத்தில் நிறுத்தினால் பயனில்லை; தெரு, சுவர், வண்டி எல்லாம் தெளிவாக இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சட்டகம் உதவவில்லை என்றால் வேறு இரண்டு மூன்று சட்டகங்கள் எடுக்க வேண்டும். அப்போதும் படம் கிடைக்காவிட்டால், காட்சியில் இருப்பதைச் சொற்களாக்கி, ‘பைக் குழந்தை கடத்தல் வீடியோ உண்மையா’ என்று தட்டச்சு செய்ய வேண்டும். இந்தக் கடைசி வழிதான் பிள்ளைகளுக்கு வேகமாகப் பலன் தந்தது. பழைய வதந்திகளை யாராவது ஏற்கெனவே சரிபார்த்து எழுதிவைத்திருப்பார்கள் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

விடுமுறை அட்டை

மறுபடியும் தொடங்கிய வகுப்பில் இரண்டு விதிகளை மாற்றினேன். முதலாவது, நான் கொடுக்கும் பத்துச் செய்திகளில் ஐந்து கட்டாயம் உண்மையாக இருக்கும், அதிலும் நம்ப முடியாத உண்மைகளாக இருக்கும். பொய்யை நம்பினால் மதிப்பெண் குறைவது போலவே உண்மையைப் பொய் என்றாலும் அதே அளவு குறையும். முன்பு நான் கொண்டுவந்தவை எல்லாமே பொய்கள். எதைப் பார்த்தாலும் ‘ஃபேக்’ என்று சொன்ன பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. சந்தேகப்படுவதை அறிவு என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது, ‘இன்னும் தெரியவில்லை’ என்ற பதிலுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு, ஆனால் எது கிடைத்தால் தெரியும் என்று கூடவே எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தப் பதில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தேர்வில் தெரியாது என்று எழுதினால் அடி விழும் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் அவர்கள்.

2024 அக்டோபர் மழையின்போது ஒரு மாலை, நான் எதுவும் தயாரிக்காமலே பாடம் வந்து சேர்ந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு நாளை விடுமுறை என்று ஒரு தொலைக்காட்சியின் சின்னத்தோடு செய்தி அட்டை. சின்னம் தெளிவு. ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை, நானே பார்த்தேன். பதினெட்டுப் பேரின் முகத்திலும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசை எரிந்துகொண்டிருந்தது. இதைவிட நல்ல சோதனைப் பொருள் கிடைக்காது.

முதலில் கைப்பேசியைத் தொடாமல் தாளில் மூன்று கேள்விகள் எழுதச் சொன்னேன்: சொல்வது யார், எப்போது சொன்னார், எந்த ஊருக்குச் சொன்னார். ‘எப்போது’ என்ற இடம் எல்லோருக்கும் காலியாக இருந்தது. அட்டையில் ‘நாளை’ என்று இருந்ததே தவிர, எந்த நாளின் நாளை என்று இல்லை. பிறகு அட்டையை விட்டு வெளியே போனோம். அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தைத் திறந்தோம். அன்றைய அட்டைகளில் இது இல்லை. விடுமுறையை அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு என்பதால் ஆட்சியரின் கணக்கைப் பார்த்தோம், அங்கும் இல்லை. ஆனால் இல்லை என்பது பொய் என்பதற்குச் சான்று ஆகாது. ஆட்சியர்கள் இரவு வெகுநேரம் கழித்தும், சில நாள் விடியற்காலையிலும்கூட அறிவிப்பார்கள். எனவே அந்த நிமிடத்தில் நேர்மையான பதில் ‘இன்னும் தெரியவில்லை’ என்பதுதான்.

ஒரு பையன் எழுந்து, தான் ஐந்து இடங்களில் பார்த்துவிட்டதாகவும் ஐந்திலும் விடுமுறை என்றே இருப்பதாகவும் சொன்னான். வகுப்பே கைதட்டியது. அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உனக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போகச் சொன்னேன். இரண்டு யூடியூப் அலைவரிசைகள் இதே அட்டையைத் திரையில் காட்டின. இரண்டு இணையப் பக்கங்கள் ‘சமூக வலைத்தளத்தில் வெளியான தகவலின்படி’ என்றன. ஐந்தாவது, அந்த இரண்டில் ஒன்றை வரி மாறாமல் நகலெடுத்திருந்தது. ஐந்து சாட்சிகள் என்று நினைத்தது ஒரே சாட்சியின் ஐந்து எதிரொலி. நான் நாளிதழில் இருந்த காலத்திலும் இது நடந்ததுண்டு. அப்போது அதற்கு ஒரு நாள் ஆகும்.

கடைசியில் அட்டையின் படத்தைக் கொடுத்துத் தேடியபோது முடிச்சு அவிழ்ந்தது. அது 2023 டிசம்பர் தொடக்கத்தில் வெளியான அட்டை. மிக்ஜாம் புயலின்போது இந்த நான்கு மாவட்டங்களுக்கும் விடுமுறை விட்டது உண்மை. அட்டையும் அந்தத் தொலைக்காட்சி வெளியிட்ட அசல் அட்டை. யாரோ ஒரு மாணவன் போன ஆண்டின் உண்மையை இந்த ஆண்டுக்குப் பரிமாறியிருக்கிறான், அவ்வளவே. எங்களுக்கு ஆனது ஏறத்தாழ பத்து நிமிடம். நான் அன்று பார்த்துக்கொண்டிருந்தது அந்த எண்ணூர் மாணவியை. அவள் தாளில் முதல் வரியிலேயே ‘பிழை இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது’ என்று எழுதியிருந்தாள்.

தேட முடியாதவை

இந்த முறை எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று சொன்னால் பழைய தவறையே புதிய பெயரில் செய்தவன் ஆவேன். வட சென்னையில் மிக வேகமாகப் பரவுவது எழுத்தும் அல்ல, படமும் அல்ல, குரல் பதிவு. அதைப் படம்போலக் கொடுத்துத் தேடும் கருவி எங்கள் கையில் இல்லை. பேசுபவர் நம் ஊர்ப் பேச்சில் பேசுவதால் பக்கத்துத் தெருக்காரர் என்றே மனம் நம்பிவிடும். ‘பலமுறை ஃபார்வேர்ட் செய்யப்பட்டது’ என்ற குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது, அனுப்பிய அத்தை அதைப் பேசியவர் அல்ல என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் பிள்ளைகள் கேட்டுப் பழகியிருப்பது: பேசுபவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? ‘நேத்து’ என்கிறாரே, எந்த நேற்று? ஊர்ப் பெயர் சொல்கிறாரா? அந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்போது தொலைபேசியில் பேச முடியுமா? பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விதான் விடை தருகிறது. இணையத்தைவிட மீன் ஏலக்கூடத்தில் இருக்கும் மாமாவுக்கு விரைவாகத் தெரியும்.

ஒரு வகுப்பில் இதெல்லாம் ஏறிவிடாது என்பதையும் தாமதமாகத்தான் அறிந்தேன். 2019 தேர்தலை ஒட்டிப் பீகாரில் சுமித்ரா பத்ரிநாதன் செய்த ஆய்வில், ஒரு மணி நேரப் பயிற்சி சராசரியாகக் குறிப்பிடத்தக்க பலன் எதையும் தரவில்லை. அவரும் வேறு சிலரும் பின்னர் அதே மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வாரங்கள் நீண்ட வகுப்பு எடுத்தபோது பலன் தெரிந்தது. சில மாதங்கள் கழித்தும் நிலைத்தது, பெற்றோர்வரைக்கும் போயிருந்தது. பெற்றோர்வரைக்கும் போகும் என்பதை எனக்கு ஆய்வு சொல்லத் தேவையில்லை. நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான் ஒரு தாயின் தூக்கம்வரைக்கும் போனது.

ஆனால் நள்ளிரவில், வாடை வருமோ வராதோ என்ற நிலையில், தாவல் திறந்து தேட நேரம் எங்கே? இதை நான் பிள்ளைகளிடமே கேட்டேன். பல வாரங்கள் பேசி அவர்கள் வந்து சேர்ந்த இடத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். செய்தி உண்மையா என்பதற்கு முன்னால், அது நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எழுந்து வெளியே போ, மூக்கை மூடிக்கொள் என்று சொல்லும் செய்தி பொய்யானால் போவது ஒரு மணி நேரத் தூக்கம். எனவே முதலில் போய்விட்டு, தெருவில் நின்றுகொண்டு சரிபார்க்கலாம். ஒருவனைப் பிடி, அடி, பணம் அனுப்பு, இன்னாரை ஊருக்குள் விடாதே என்று சொல்லும் செய்தி பொய்யானால் போவது திரும்ப வராது. அங்கே சரிபார்க்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இந்தப் பிரிவை முன்வைத்து முதலில் பேசியது அந்த எண்ணூர் மாணவிதான். சின்னக்குப்பத்தையும் பழவேற்காட்டையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதிவைத்திருந்தாள்.

அவள் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு விடுமுறை அட்டையும், அதன் கீழே இரண்டு வரியும் வந்தன: ‘சார், இது உண்மை, கலெக்டர் பேஜ்ல பாத்துட்டேன். ஆனா திருவள்ளூருக்கு மட்டும்தான், நம்ம பசங்ககிட்ட சொல்லிடுங்க.’ மீஞ்சூரில் படிக்கும் அவளுடைய சித்தி மகனுக்கு விடுமுறை. எண்ணூரில் படிக்கும் தம்பிக்குக் கிடையாது. குழுவில் அதைப் போட்டேன். பதினேழு பேர் பார்த்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை.